டேட்டா, மீடியா, கிரைட்டீரியா: ஒருமையா, பன்மையா?

ஆங்கிலக் கட்டுரைகளுக்கு மெய்ப்பு பார்க்கும் வேலையில், ஒரே கேள்வி ஆண்டுக்குப் பல முறை என்னிடம் திரும்பி வரும். சில காலம் முன்பு ஓர் ஆய்வு மாணவி தன் கட்டுரையின் இரண்டு படிகளை அனுப்பியிருந்தார். முதல் படியில் அவர் 'டேட்டா வாஸ்' என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் நெறியாளர் அடித்துவிட்டு 'டேட்டா வேர்' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார். அதே ஆய்வைப் பொது வாசகர்களுக்காகச் சுருக்கி ஒரு பத்திரிகைக்கு அனுப்பியபோது, அங்கிருந்த உதவி ஆசிரியர் 'வேர்' என்பதை மறுபடி 'வாஸ்' ஆக்கிவிட்டார். "இருவரில் யார் சொல்வது சரி?" என்பது மாணவியின் கேள்வி. இருவரும் சரி என்பதே பதில். அந்தக் கட்டுரையில் 'தி ஒன்லி கிரைட்டீரியா வாஸ்' என்றொரு தொடரும் இருந்தது. அதை இருவருமே கண்டுகொள்ளவில்லை. உண்மையில் திருத்தப்பட வேண்டியது அதுதான்.

இந்த மூன்று சொற்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்பார்கள். மூன்றும் மூலமொழியில் பன்மை என்பதால் எப்போதும் பன்மை வினையே வர வேண்டும் என்பது ஒரு கட்சி. மொழி மாறிவிட்டது, எப்படி எழுதினாலும் ஒன்றுதான் என்பது மற்றொன்று. மூன்று சொற்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் இரண்டு கட்சிகளும் செய்யும் பிழை. ஒரே ஊரிலிருந்து வந்தவை போலத் தோன்றினாலும், இன்றைய ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

## சிப்ஸும் ஜீன்ஸும்

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். தமிழில் நாம் தினமும் சொல்லும் 'சிப்ஸ்' ஆங்கிலத்தில் பன்மைச் சொல். அதன் ஒருமை 'சிப்'. ஆனால் கடையில் நின்று "சிப்ஸ் நன்றாக இருக்கின்றன" என்று யாரும் சொல்வதில்லை. "சிப்ஸ் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்கிறோம். பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டும்போதும் "ஒரு சிப் எடுத்துக்கோ" என்று சொல்வதில்லை. "ஒரு சிப்ஸ் எடுத்துக்கோ" என்போம், அல்லது 'ஒரு துண்டு' என்று வேறொரு சொல்லைத் துணைக்கு அழைப்போம். 'ஜீன்ஸ்' கதையும் இதுதான். ஆங்கிலத்தில் அது எப்போதும் பன்மை; தமிழில் "ஒரு ஜீன்ஸ் வாங்கினேன், அது சாயம் போய்விட்டது" என்று கூசாமல் ஒருமையாக்கிவிடுகிறோம்.

இதில் தமிழர்கள் எந்தத் தவறும் செய்துவிடவில்லை. ஒரு சொல் வேறொரு மொழிக்குக் குடிபோகும்போது தன் உருவத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. இலக்கணத்தைப் பெரும்பாலும் பழைய வீட்டிலேயே விட்டுவிடுகிறது. 'சிப்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' பன்மைக் குறி என்பது ஆங்கிலம் அறிந்தவருக்குத்தான் தெரியும். தமிழுக்குள் அது சொல்லின் கடைசி எழுத்து, அவ்வளவுதான். லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கும் இதே நிலைதான் ஏற்பட்டது.

## மூன்று சொற்களின் பிறந்த வீடு

லத்தீனில் ஒரு வகைப் பெயர்ச்சொற்கள் ஒருமையில் 'அம்' என்ற ஒலியிலும் பன்மையில் 'ஆ' என்ற ஒலியிலும் முடியும். 'டேட்டம்' ஒருமை, 'டேட்டா' பன்மை. 'மீடியம்' ஒருமை, 'மீடியா' பன்மை. கிரேக்கத்தில் இதற்கு இணையான வகை ஒருமையில் 'ஆன்' என்றும் பன்மையில் 'ஆ' என்றும் முடியும். 'கிரைட்டீரியன்', 'கிரைட்டீரியா' என்பவை அந்த வகை. மூன்றும் லத்தீன் என்று பலர் எழுதுகிறார்கள், மூன்றாவது கிரேக்கம்.

'டேட்டம்' என்றால் கொடுக்கப்பட்டது என்று பொருள். வடிவியல் கணக்கில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதித் தொடங்குவோமே, அதே பொருள்தான். யூக்ளிடின் நூல்களில் ஒன்றுக்கே 'கொடுக்கப்பட்டவை' என்று கிரேக்கத்தில் பெயர். லத்தீனில் அது 'டேட்டா' ஆயிற்று. நாம் இன்று வழங்கும் 'தரவு' என்ற சொல்லும் 'தரு' என்ற அடியிலிருந்து வருவதால், அதே கொடுத்தல் பொருளைத் தாங்கியிருக்கிறது. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர் இருப்பதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 'மீடியம்' என்றால் நடுவில் இருப்பது. 'கிரைட்டீரியன்' என்றால் தீர்ப்புச் சொல்ல உதவும் அளவுகோல். விமர்சகரைக் குறிக்கும் 'கிரிட்டிக்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

பிறப்பில் பன்மை என்பதே விதி என்றால், இன்னும் சில சொற்களையும் அதே கண்டிப்போடு நடத்த வேண்டியிருக்கும். கூட்டத்துக்கு முன் சுற்றுக்கு விடும் 'அஜெண்டா' லத்தீனில் பன்மை. 'செய்யப்பட வேண்டியவை' என்று பொருள். ஆனால் 'அஜெண்டா ஆர்' என்று எழுதுபவர் இன்று யாரும் இல்லை. 'அஜெண்டாஸ்' என்று அதற்கு மேல் இன்னொரு பன்மையே வந்துவிட்டது. உடல் உறுதியைக் குறிக்கும் 'ஸ்டாமினா', நூலிழையைக் குறிக்கும் 'ஸ்டேமென்' என்ற சொல்லின் பன்மை. 'டேட்டா இஸ்' என்று கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கூட 'ஸ்டாமினா இஸ்' என்று தயங்காமல் எழுதுகிறார்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: மூன்று சொற்களும் மூலமொழியில் பன்மையே. ஆனால் பிறப்பு மட்டும் இன்றைய வினையைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானித்திருந்தால் அஜெண்டாவும் ஸ்டாமினாவும் இப்போது இருக்கும் இடத்தில் இருந்திருக்காது.

## வினையைத் தீர்மானிப்பது எது

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 'மரம்' என்ற சொல்லை மட்டும் பார்த்தால் அது ஒன்றா பலவா என்று தெரியாது. 'மரம் வளர்ந்தது' என்றால் ஒன்று. 'மரம் வளர்ந்தன' என்றால் பல. இத்தகைய பெயர்களை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்று சொல்கிறது. அதாவது எண்ணிக்கையைப் பெயர் காட்டாது, வினை காட்டும். ஆங்கிலத்தில் பெரும்பாலான பெயர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பெயரே ஒருமை பன்மையைக் காட்டிவிடும். கடன் வாங்கிய 'ஆ' ஈற்றுச் சொற்களில் ஆங்கிலக் காதுக்குப் பழகிய பன்மைக் குறியான 'ஸ்' இல்லை. அதனால் கேட்பவரின் மனம் வேறொரு தடயத்தைத் தேடுகிறது. இந்தப் பொருளை நான் எண்ணுகிறேனா, அளக்கிறேனா, ஒரு கும்பலாகப் பார்க்கிறேனா என்பதே அந்தத் தடயம்.

இங்கே மூன்று இலக்கணச் சொற்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடிய பொருளின் பெயர் எண்ணுப்பெயர்: இட்லி, நாற்காலி, விதி. எண்ண முடியாமல் அளக்க மட்டும் முடிகிற பொருளின் பெயர் அளவுப்பெயர்: மாவு, எண்ணெய், மணல். 'மூன்று மாவு' என்று சொல்ல முடியாது. 'மூன்று படி மாவு' என்று சொல்லலாம். பல உறுப்பினர் சேர்ந்த கூட்டத்துக்கு ஒற்றைப் பெயராக இருப்பது தொகுதிப்பெயர்: குடும்பம், படை, குழு.

ஒரே பொருள் காலப்போக்கில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு நகரலாம் என்பதற்கு நம் பழமொழி ஒன்றே சாட்சி. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். அங்கே இரண்டாவது 'சோறு' ஒரு பருக்கையைக் குறிக்கிறது, எண்ணப்படுகிறது. பேச்சு வழக்கில் இன்று யாரும் "இலையில் நாலு சோறு கிடக்கிறது" என்று சொல்வதில்லை. "நாலு பருக்கை" என்போம். சோறு அளவுப்பெயராகிவிட்டது. அதன் ஒற்றைத் துகளைச் சொல்ல வேண்டியபோது வேறொரு சொல் வந்து உதவுகிறது. டேட்டாவுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

## டேட்டா: பருக்கையிலிருந்து சோற்றுக்கு

ஆங்கிலத்துக்குள் இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. அப்போது அது கணிதத்திலும் தத்துவத்திலும் எடுத்துக்கொள்ளப்பட்ட சில உண்மைகளைக் குறித்தது. கொடுக்கப்பட்டவை மூன்று அல்லது நான்கு இருக்கும். அவற்றை எண்ண முடிந்தது. கணினியும் தகவல் செயலாக்கமும் பெருகிய 20ஆம் நூற்றாண்டில் டேட்டா என்பது லட்சக்கணக்கான பதிவுகள் அடங்கிய குவியலாக மாறியது. குவியலை யாரும் எண்ணுவதில்லை, அளக்கிறோம். கிலோபைட், மெகாபைட், ஜிகாபைட் எல்லாம் படி, மரக்கால் போன்ற அளவைகள்தான். மாதக் கடைசியில் கைபேசித் திரையைப் பார்த்துவிட்டு "டேட்டா தீர்ந்துவிட்டது" என்கிறோம். "டேட்டா தீர்ந்துவிட்டன" என்று எத்தனை கண்டிப்பான இலக்கண ஆசிரியரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. கைபேசிக் கட்டணத் திட்டத்தின் டேட்டாவுக்கு 'ஹேவ்' போட்டால் கேட்பவர் சிரித்துவிடுவார்.

சொல் அளவுப்பெயராக மாறிவிட்டதா என்று அறிய மூன்று எளிய சோதனைகள் உண்டு. முதலாவது, எண்ணைச் சேர்த்துப் பார்ப்பது. 'செவன் டேட்டா' என்று ஆங்கிலம் தாய்மொழியாக உடைய யாரும் சொல்வதில்லை. இரண்டாவது, 'மச்', 'மெனி' சோதனை. அளவுப்பெயருக்கு 'மச்' வரும், எண்ணுப்பெயருக்கு 'மெனி' வரும். பெரும்பாலோர் இயல்பாகச் சொல்வது 'மச் டேட்டா', 'லிட்டில் டேட்டா' என்றுதான். மூன்றாவது, ஒருமை உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது. ஒற்றைத் தகவலைக் குறிக்க வேண்டியபோது இன்று 'டேட்டா பாயின்ட்' என்கிறார்கள், அல்லது 'பீஸ் ஆஃப் டேட்டா' என்கிறார்கள். சிப்ஸுக்கு 'துண்டு' போலவும் சோற்றுக்குப் 'பருக்கை' போலவும் இங்கே 'பாயின்ட்' வந்து நிற்கிறது.

'டேட்டம்' முழுவதும் செத்துவிடவில்லை. நில அளவையிலும் புவிப்பட வேலையிலும் அது நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. உயரத்தையோ இருப்பிடத்தையோ எந்த அடிப்படையிலிருந்து அளக்கத் தொடங்குகிறோமோ, அந்த அடிப்படைக்கு அங்கே டேட்டம் என்று பெயர். சராசரிக் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறதே, அந்தக் கடல் மட்டம் ஒரு டேட்டம். அந்தத் துறையினர் இத்தகைய அடிப்படைகள் பலவற்றைக் குறிக்கும்போது 'டேட்டா' என்று சொல்வதில்லை, 'டேட்டம்ஸ்' என்கிறார்கள். பிள்ளை தனிக்குடித்தனம் போய்விட்டதால், ஒருமை தனக்கென்று புதுப் பன்மை ஒன்றை உண்டாக்கிக்கொண்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் 'டேட்டா ஆர்' என்று எழுதும் நெறியாளர் தவறா? இல்லை. இங்குதான் பலருக்குக் குழப்பம். 'டேட்டா ஆர்' என்று எழுதுபவர்கூட 'செவன் டேட்டா' என்று எழுதுவதில்லை. அவருடைய பன்மை ஒரு தனி வகை: வினையிலும் சுட்டிலும் பன்மை இருக்கும், எண் மட்டும் சேராது. தமிழில் 'வாழ்த்துகள்' அப்படிப்பட்ட சொல். 'என் வாழ்த்துகள் உரியன' என்று பன்மையில் எழுதுவோம்; 'மூன்று வாழ்த்துகள்' என்று எண்ணிக் கொடுப்பதில்லை. ஆங்கிலத்தில் வருவாயைக் குறிக்கும் 'ஏர்னிங்ஸ்' என்ற சொல்லை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதற்கு உவமையாகக் காட்டுகிறது. அந்த அகராதியின்படி டேட்டா இரண்டு வகையாகவும் செம்மையான ஆங்கிலத்தில் வழங்குகிறது: ஏர்னிங்ஸ் போன்ற பன்மையாக ஒன்று, 'இன்ஃபர்மேஷன்' போன்ற அளவுப்பெயராக மற்றொன்று.

எங்கே எதை எழுதுவது என்பது இடத்தைப் பொறுத்தது. பத்திரிகையாளர்கள் பரவலாகப் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு, பொது வாசகர்களுக்கு எழுதும்போது ஒருமையையும், அறிவியல், கல்விப்புல எழுத்தில் பன்மையையும் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் ஒருமையை ஏற்றுக்கொண்டுவிட்டது. உளவியல், சமூக அறிவியல் ஆய்வேடுகள் பின்பற்றும் ஏபிஏ நடை பன்மையைக் கேட்கிறது. என் மாணவியின் நெறியாளர் ஏபிஏ உலகத்திலிருந்தும், பத்திரிகை உதவி ஆசிரியர் செய்தி உலகத்திலிருந்தும் திருத்தியிருக்கிறார்கள்.

இரண்டு உலகங்களிலும் ஏற்கப்படாத வடிவம் ஒன்று உண்டு. அதுதான் நம் ஊர் அலுவலக மின்னஞ்சல்களில் அதிகம் தென்படும் 'டேட்டாஸ்'. டேட்டாவைப் பன்மையாகக் கொண்டால் அதன் மேல் இன்னொரு பன்மைக் குறி தேவையில்லை. அளவுப்பெயராகக் கொண்டால், 'ஃபர்னிச்சர்ஸ்' போல, எண்ண முடியாததற்குப் பன்மை போட்டதாகிவிடும். எந்த வழியில் போனாலும் அந்த 'ஸ்' நிற்க இடமில்லை.

சுருக்கமாக: டேட்டாவுக்கு ஒருமை வினையும் பன்மை வினையும் இரண்டுமே இன்று ஏற்புடையவை. பொது எழுத்தில் ஒருமை, ஆய்வேட்டில் அந்தத் துறையின் நடைக் கையேடு கேட்பது. எண்ணோடு சேர்க்க வேண்டுமானால் 'டேட்டா பாயின்ட்ஸ்'.

## மீடியா: குடும்பம் வந்ததா, வந்தார்களா

மீடியா அளவுப்பெயர் அல்ல, தொகுதிப்பெயர். நம் பேச்சில் "அவங்க குடும்பமே வந்திருக்காங்க" என்கிறோம். எழுத்தில் 'குடும்பம் வந்திருக்கிறது' என்று எழுதுகிறோம். "போலீஸ் வந்துட்டாங்க" என்று சொல்லும்போது நம் கண்முன் நிற்பவர்கள் காக்கிச் சட்டை போட்ட ஐந்தாறு பேர். 'போலீஸ் விசாரிக்கிறது' என்று எழுதும்போது துறை என்ற ஒற்றை அமைப்பு. ஆங்கிலத்தில், குறிப்பாகப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், 'டீம்', 'கமிட்டி' போன்ற சொற்களுக்கும் இதே இரட்டை வாழ்க்கை உண்டு.

செய்தி நிறுவனங்களின் கூட்டத்தைக் குறிக்கும் மீடியாவும் அப்படித்தான். நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், வானொலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே என்ன செய்கின்றன என்று பேசினால் 'மீடியா ஆர்'. எல்லாவற்றையும் ஒரே சக்தியாக வைத்துப் பேசினால் 'மீடியா இஸ்'. அசோசியேட்டட் பிரஸ் கையேடு பொதுவாகப் பன்மையை எழுதச் சொல்லிவிட்டு, ஒற்றைத் தொகுதியாகப் பார்க்கும் இடத்தில் ஒருமையை அனுமதிக்கிறது. கார்டியன் டேட்டாவை ஒருமையாக்கிவிட்டும் மீடியாவைப் பன்மையாகவே வைத்திருக்கிறது. முரண்பாடு போலத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அதனதன் நடத்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 'சோஷியல் மீடியா' என்ற தொடரில் மட்டும் ஒருமை வினை பெரும்பாலும் வென்றுவிட்டது. அதன் ஒவ்வொரு தளத்தையும் 'சோஷியல் மீடியம்' என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை என்பதே காரணம்.

செய்தித் துறைக்கு வெளியே மீடியா இன்னும் அசல் எண்ணுப்பெயர்தான். எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும் ஓவியரின் இரண்டு மீடியா. ஆய்வகத்தில் கிருமிகளை வளர்க்கும் ஊட்டக் கலவைகளும், கோப்புகளைச் சேமிக்கும் தட்டுகளும் அப்படியே. அங்கெல்லாம் 'மீடியம்' என்ற ஒருமை தினசரிப் புழக்கத்தில் இருப்பதால் பன்மை வினை மட்டுமே பொருந்தும். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்பவர்களும் 'மீடியம்'தான். ஆனால் அவர்கள் பலர் சேர்ந்தால் 'மீடியம்ஸ்' ஆவார்களே தவிர, மீடியா ஆக மாட்டார்கள். ஆவி உலகத்துச் செய்திகளைக் கொண்டுவருபவர்கள் என்றாலும்!

## கிரைட்டீரியா: இங்கே சலுகை இல்லை

மூன்றில் பழைய நிலையில் உறுதியாக நிற்பது இது. காரணம் கிரேக்கத்தின் கௌரவம் அல்ல. அந்தப் பொருளை நாம் கையாளும் விதம். ஒரு வேலைக்கான தகுதி அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஒன்று, கல்வி இரண்டு, அனுபவம் மூன்று என்று வரிசை எண் போட்டுத்தான் எழுதுவார்கள். 'த்ரீ கிரைட்டீரியா' என்பது இயல்பான ஆங்கிலம். டேட்டா தோற்ற முதல் சோதனையிலேயே இது வென்றுவிடுகிறது. 'மச் கிரைட்டீரியா' என்று யாரும் சொல்வதில்லை. ஜிகாபைட் போல இதை அளக்கவும் அளவை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 'கிரைட்டீரியன்' என்ற ஒருமை உயிரோடு, தேவையோடு இருக்கிறது. ஒரே ஓர் அளவுகோல் மட்டும் உள்ள சூழல்கள் ஏராளம். அங்கெல்லாம் அந்த ஒருமை வேண்டும்.

ஆகவே 'எலிஜிபிலிட்டி கிரைட்டீரியா இஸ் அஸ் ஃபாலோஸ்' என்று நம் கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் காணும் தொடர், செப்பனிடப்பட்ட எழுத்தில் பிழையாகவே கருதப்படுகிறது. 'ஆர்' என்று மாற்றினால் போதும். 'ஒரு' என்ற பொருளில் 'எ கிரைட்டீரியா' என்று எழுதினால் பெயரையே 'கிரைட்டீரியன்' என்று மாற்ற வேண்டும். பேச்சிலும், ஓரளவு எழுத்திலும் ஒருமைக் கிரைட்டீரியா வழங்குவதை மெரியம்-வெப்ஸ்டர் பதிவு செய்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அகராதியே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. வழக்கில் இருப்பதைப் பதிவு செய்வது அகராதியின் வேலை. அஜெண்டாவுக்குக் கிடைத்த ஐயமற்ற ஏற்பு இதற்கும் கிடைக்குமா என்பதைக் காலம்தான் சொல்லும் என்றே அந்த அகராதியும் சொல்லியிருக்கிறது. நிகழ்வைக் குறிக்கும் 'ஃபினாமினா' இதே கிரேக்க வகை. அதற்கும் இதே கண்டிப்புதான்.

மூன்றையும் சேர்த்துச் சொன்னால்: டேட்டா பெரும்பாலும் சோறு போல அளக்கப்படுகிறது, மீடியா குடும்பம் போலச் சேர்த்தும் பிரித்தும் பார்க்கப்படுகிறது, கிரைட்டீரியா இட்லி போல எண்ணப்படுகிறது.

## ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

என் மாணவியின் கட்டுரைக்குத் திரும்புவோம். அதன் ஒரு பத்தியில் இருந்த ஐந்து வாக்கியங்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாக்கியம், 40 கிராமங்களிலிருந்து டேட்டா சேகரிக்கப்பட்டது என்று சொல்கிறது, வினை 'வாஸ்'. ஏபிஏ நடையில் எழுதும் ஆய்வேடு என்பதால் 'வேர்' ஆக்க வேண்டும். பத்திரிகைச் சுருக்கத்தில் 'வாஸ்' அப்படியே இருக்கலாம்.

இரண்டாவது வாக்கியம் 'தீஸ் டேட்டா ஷோஸ்' என்று தொடங்குகிறது. இது எந்த நடையிலும் நிற்காது. 'தீஸ்' என்ற சுட்டு பன்மை, 'ஷோஸ்' என்ற வினை ஒருமை. 'திஸ் டேட்டா ஷோஸ்' அல்லது 'தீஸ் டேட்டா ஷோ' என்று இரண்டில் ஒன்று. ஒருமையா பன்மையா என்ற சண்டையில் மூழ்கிவிடுபவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்குதான். எதைத் தேர்ந்தாலும் சுட்டு, வினை, பின்னால் வரும் பதிலிப்பெயர் மூன்றும் ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

மூன்றாவது வாக்கியத்தில் 'த்ரீ டேட்டாஸ் வேர் மிஸ்ஸிங்' என்றிருந்தது. மூன்று கிராமங்களின் மழையளவு பதிவாகவில்லை என்பதை மாணவி சொல்ல வருகிறார். 'ஸ்' மட்டும் எடுத்துவிட்டால் போதாது. 'த்ரீ டேட்டா' என்பதும் ஆங்கிலமாகாது. 'த்ரீ வேல்யூஸ்' என்றோ 'த்ரீ டேட்டா பாயின்ட்ஸ்' என்றோ எழுத வேண்டும். நான் முதலாவதைத் தேர்ந்தேன். என்ன விடுபட்டது என்று அது நேராகச் சொல்கிறது.

நான்காவது, உள்ளூர் மீடியா இந்த வறட்சியைத் தன் பக்கங்களில் பேசவில்லை என்ற வாக்கியம். வினை 'ஹேவ்', ஆனால் 'தன்' என்ற இடத்தில் 'இட்ஸ்'. வினை பன்மை, பதிலிப்பெயர் ஒருமை. இங்கே பேச்சு இரண்டு நாளிதழ்களைப் பற்றியது என்று அடுத்த வரியில் தெரிந்ததால், பன்மையை வைத்துக்கொண்டு 'இட்ஸ்' என்பதை 'தேர்' ஆக்கினேன்.

ஐந்தாவதுதான் முன்பே சொன்ன 'தி ஒன்லி கிரைட்டீரியா வாஸ்'. கிராமங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே அளவுகோல், ஆண்டு மழையளவு. ஒன்றே ஒன்று என்பதால் வினையைத் தொட வேண்டியதில்லை. பெயர்தான் 'கிரைட்டீரியன்' ஆக வேண்டும். பலர் இங்கே அவசரத்தில் 'வாஸ்' என்பதை 'வேர்' ஆக்கிவிட்டு, ஒரே அளவுகோலைப் பலவாக்கிப் பொருளையே கெடுத்துவிடுவார்கள்.

இரண்டு வகைப் படிகளையும் அடிக்கடி தயாரிக்க வேண்டியவர்களுக்குக் கைகொடுக்கும் சிறு உத்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'பீ' என்ற வினையைத் தவிர மற்ற வினைகள் எல்லாம் இறந்தகாலத்தில் ஒருமை பன்மை காட்டுவதில்லை. 'டேட்டா ஷோட்', 'டேட்டா சஜெஸ்டெட்' என்று எழுதினால் நெறியாளருக்கும் உதவி ஆசிரியருக்கும் சிவப்பு மை வைக்க இடமே கிடைக்காது. மாணவியின் இரண்டாவது வாக்கியத்தில் 'தீஸ்' என்பதை 'தி' ஆக்கி, வினையை 'ஷோட்' ஆக்கினோம். அந்த ஒரு வரி மட்டும் ஆய்வேட்டிலும் பத்திரிகையிலும் எழுத்து மாறாமல் அச்சேறியது.